வோல்டா அடுக்கு

இத்தாலிய இயற்பியலாளர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா (1745–1827) உருவாக்கிய முதல் மின்கல அடுக்கு இது. வெள்ளி வட்டு, துத்தநாக வட்டு, உப்புநீரில் ஊறிய அட்டை வட்டு ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் மீண்டும் மீண்டும் அடுக்கி வோல்டா இதை அமைத்தார். 1800 மார்ச் 20ஆம் நாள் கோமோ நகரிலிருந்து லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்குப் பிரெஞ்சு மொழியில் எழுதிய மடலில் இதை அறிவித்தார். அதற்கு முன்பு ஆய்வாளர்களிடம் இருந்தவை உராய்வு மின்பொறியும் லெய்டன் ஜாடியும். இரண்டும் ஒரு பொறியில் தீர்ந்துவிடுபவை. மறுபடியும் கைப்பிடியைச் சுழற்றி மின்னேற்ற வேண்டும். இந்த அடுக்கோ யாரும் மின்னேற்றாமலே தொட்டபோதெல்லாம் அதிர்ச்சி தந்தது. இரு முனைகளையும் கம்பியால் இணைத்தால் மின்சாரம் விடாமல் ஓடியது.

தவளைக் காலும் நாக்கும்

போலோனியாவைச் சேர்ந்த உடற்கூற்று அறிஞர் லூயிஜி கல்வானி, அறுத்தெடுத்த தவளைக் கால்கள் உலோகம் பட்டதும் துடிப்பதைக் கண்டு, விலங்கின் உடலிலேயே தனிவகை மின்சாரம் உறைந்திருக்கிறது என்று 1791இல் எழுதினார். பாவியா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்துவந்த வோல்டா முதலில் இதை ஏற்றுக்கொண்டார். சோதனைகளைத் தாமே செய்து பார்த்த பிறகு மாறினார். கால் நன்றாகத் துடிக்க வேண்டுமானால் இரு வேறு உலோகங்கள் தேவைப்பட்டன. அப்படியானால் மின்சாரத்தின் ஊற்று உலோகங்கள்தான். தவளை அதைக் காட்டிக்கொடுக்கும் மின்காட்டி மட்டுமே என்பது அவர் முடிவு.

தவளைக்குப் பதிலாக வோல்டா தம் நாக்கையே வைத்துப் பார்த்தார். நாக்கின் நுனியில் வெள்ளீயத் தகட்டையும் சற்று உள்ளே வெள்ளி நாணயத்தையும் வைத்து, இரண்டின் ஓரங்களையும் தொடவிட்டால் புளிப்புச் சுவை தோன்றியது. இதுபோன்ற சுவையை ஜெர்மானிய மொழி பேசிய சுல்ட்சர் என்பவர் பல ஆண்டுகளுக்கு முன்பே குறித்திருந்தார். ஆனால் அதை மின்சாரத்தோடு தொடர்புபடுத்தவில்லை. வோல்டா கவனித்தது இன்னொன்றையும்: உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் வரை அந்தப் புளிப்பும் நீடித்தது. லெய்டன் ஜாடியின் மின்சாரம் நொடியில் போய்விடும். இது ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் வந்த அடுக்கின் கரு இதில் இருக்கிறது. தவளையைப் பற்றியே எழுதும் நூல்கள் இந்த நாக்குச் சோதனைக்கு உரிய இடம் தருவதில்லை.

கடத்திகளின் வகைப்பாடு

வோல்டா கடத்திகளை இரண்டாகப் பிரித்தார். உலோகங்களும் கரியும் முதல் வகை. நீர், உப்புநீர், காரக் கரைசல், ஈரமான உடல் திசு ஆகியவை இரண்டாம் வகை. முதல் வகையில் உள்ளவற்றை ஒரு வரிசையிலும் நிறுத்தினார்: துத்தநாகம், ஈயம், வெள்ளீயம், இரும்பு, செம்பு, வெள்ளி, கரி என்று அது போகும். வரிசையில் எவ்வளவு தள்ளி நிற்கும் இரண்டைச் சேர்க்கிறோமோ, அவ்வளவுக்கு விளைவு மிகும். வெள்ளியும் துத்தநாகமும் அவருக்கு உவப்பான இணையானது இதனால்தான்.

ஓர் இணையிலிருந்து கிடைக்கும் மின்னழுத்தம் மிகச் சிறியது. ஆகவே பல இணைகளைச் சேர்த்துப் பெருக்க வேண்டும். வட்டுகளை வெறுமனே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பெருகுமா? பெருகாது. வெள்ளியிலிருந்து துத்தநாகத்துக்கு ஏறும்போது ஒரு பங்கு கூடுகிறது என்று கொள்வோம். அதன்மேல் மறுபடியும் வெள்ளியை வைத்தால் துத்தநாகத்திலிருந்து வெள்ளிக்குப் போகும்போது அதே ஒரு பங்கு குறைந்துவிடும். நூறு வட்டுகள் அடுக்கினாலும் அடியில் உள்ளதும் உச்சியில் உள்ளதும் நேரடியாகத் தொட்டால் என்ன கிடைக்குமோ அதுவேதான் கிடைக்கும். துத்தநாகத்துக்கும் அடுத்த வெள்ளிக்கும் நடுவே இரண்டாம் வகைக் கடத்தி ஒன்றைச் செருகினால் இந்த இறக்கம் இல்லாமல் போகிறது. ஒவ்வோர் இணையின் பங்கும் மேல்மேலும் கூடுகிறது. வோல்டாவின் கண்டுபிடிப்பு உலோகங்களில் இல்லை, இடையில் வைத்த ஈர அட்டையில் இருக்கிறது.

அமைக்கும் முறை

மடலில் வோல்டா தரும் செய்முறை எளிது. ஏறத்தாழ ஓர் அங்குல விட்டமுள்ள செம்பு, பித்தளை அல்லது, அவற்றைவிட மேலாக, வெள்ளி வட்டுகள் சில டஜன் வேண்டும். வெள்ளிக் காசுகளே போதும். அதே எண்ணிக்கையில் வெள்ளீய வட்டுகள் வேண்டும். துத்தநாகமானால் இன்னும் நல்லது. அட்டை, தோல் என்று நீரை உறிஞ்சிவைக்கும் ஏதாவது ஒன்றில் வெட்டி எடுத்த வட்டுகளை உப்புநீரில் ஊறவைக்க வேண்டும். மேசைமேல் ஒரு வெள்ளி வட்டு, அதன்மேல் துத்தநாகம், அதன்மேல் ஈர அட்டை. பிறகு மீண்டும் வெள்ளி, துத்தநாகம், அட்டை. வரிசை ஓரிடத்தில்கூட மாறக் கூடாது. ஓர் இணை தலைகீழாகிவிட்டால் அது மற்றொன்றின் பங்கை அழித்துவிடும். அடுக்கு உயர்ந்ததும் சாயாமலிருக்கச் சுற்றிலும் கண்ணாடித் தண்டுகளை நட்டார். உலோகத் தண்டாக இருந்தால் அதன் வழியாகவே மின்சாரம் போய்விடும்.

அதிர்ச்சியை உணர, அடி வட்டோடு இணைத்த ஒரு கிண்ணத்து நீரில் ஒரு கையை வைத்து, ஈரமான மறு கையில் பிடித்த உலோகத் துண்டால் உச்சியைத் தொட வேண்டும். இருபது இணைகள் இருந்தால் விரல்கள் சுண்டும். நாற்பது, ஐம்பது என்று ஏறினால் கை முழுவதும் வலி எடுக்கும். முப்பது, நாற்பது இணைகளின் முனைகளை வோல்டா தம் இரு காதுகளுக்குள்ளும் வைத்துப் பார்த்தார். முதலில் தலையில் ஓர் அதிர்வு. பிறகு குழைவான எதுவோ கொதிப்பது போன்ற சலசலப்பு. மூளைக்கு ஆபத்து என்று அஞ்சி இதை அவர் மீண்டும் செய்யவில்லை.

மின்மீனின் உடலிலும் தட்டுத் தட்டான உறுப்பு இருப்பதைச் சுட்டி, தம் கருவியைச் செயற்கை மின்னுறுப்பு என்றே வோல்டா அழைத்தார். விலங்கு மின்சாரத்தை மறுக்க எழுந்த கருவி ஒரு மீனை முன்மாதிரியாகக் கொண்டது.

முனைகள் பற்றிய குழப்பம்

வோல்டாவின் அடுக்கில் அடியில் வெள்ளியும் உச்சியில் துத்தநாகமும் நின்றன. உச்சியே நேர்முனை, ஆகவே அந்நாளில் துத்தநாகம் நேர்முனை என்று எழுதினார்கள். இன்றைய பாடநூல் துத்தநாகத்தை எதிர்முனை என்கிறது. இரண்டும் ஒரே கருவியைப் பற்றியவைதான். உண்மையில் ஒரு மின்கலம் என்பது துத்தநாகம், ஈர அட்டை, அதற்கு மேலுள்ள வெள்ளி ஆகிய மூன்றும் சேர்ந்தது. அடியில் தனித்துக் கிடக்கும் வெள்ளியும் உச்சியில் கிடக்கும் துத்தநாகமும் வெறும் கடத்திகள், எடுத்துவிட்டாலும் நட்டமில்லை. அப்படி எடுத்துவிட்டால் அடியில் துத்தநாகமும் உச்சியில் வெள்ளியும் மிஞ்சும். பாடநூல் சொல்வது விளங்கிவிடும். பழைய கட்டுரைகளைப் படிப்பவர் இதை மனத்தில் கொள்ளாவிட்டால் எல்லாச் சோதனைகளும் தலைகீழாகத் தெரியும்.

செயல்படும் விதம்

உலோகங்கள் தொட்டுக்கொள்வதே மின்சாரத்தை ஓட்டுகிறது, ஈர அட்டை வெறும் வழி என்று வோல்டா கடைசிவரை நம்பினார். அந்த ஓட்டம் முடிவில்லாதது என்றும் கருதினார். இது தவறு. ஆற்றல் வருவது வேதிவினையிலிருந்து. துத்தநாகம் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு உப்புநீரில் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியே வெள்ளியை அடைகின்றன. அங்கே நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனோ நீரோ அவற்றை ஏற்கிறது. வெள்ளி தேய்வதில்லை, துத்தநாகம் தேய்கிறது. தொடுகையா வேதிவினையா என்ற சர்ச்சை பல பத்தாண்டுகள் நடந்து வேதியியல் பக்கம் தீர்ந்தது.

அடுக்கின் குறைகளும் இதிலிருந்தே விளங்கும். நீரிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் வெள்ளியின் மேல் குமிழிகளாகப் படிந்து வினையைத் தடுப்பதால், முனைகளை இணைத்த சிறிது நேரத்திலேயே மின்னோட்டம் தளரும். துத்தநாகத்தின் மேல் வெண்மையான பூச்சு ஏறும். வட்டுகளைப் பிரித்துத் தேய்த்துத் துடைத்தால்தான் பழைய வலு திரும்பும். அடுக்கு உயர உயர, மேலுள்ள எடை கீழ் அட்டைகளைப் பிழியும். பக்கங்களில் வழியும் உப்புநீர் இணைகளைக் குறுக்காக இணைத்துவிடும்; எண்ணிக்கை கூடியும் அதிர்ச்சி கூடவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இந்த ஈரக்கோடுதான். அட்டையைச் சற்றுச் சிறிதாக வெட்டி, சொட்டாத அளவுக்குப் பிழிந்து வைப்பது இதற்கு மாற்று. மறுபுறம், ஓரிரு நாளில் அட்டை உலர்ந்துவிடும். அடுக்கை மெழுகால் மூடிவைக்கலாம் என்றார் வோல்டா. உலராத மற்றோர் அமைப்பையும் அவரே தந்தார்: உப்புநீர்க் கிண்ணங்களை வட்டமாக வைத்து, வெள்ளி–துத்தநாக வளைவுகளால் ஒன்றோடொன்று இணைத்தார்.

லண்டனில் நடந்தது

போர்க்காலமாகையால் வோல்டா மடலை இரு பகுதிகளாக அனுப்பினார். முதற்பகுதியை பேங்க்ஸ் அறுவை மருத்துவர் அந்தோனி கார்லைலிடம் காட்டினார். அவர் 17 அரைக் கிரவுன் வெள்ளிக் காசுகள், அதே எண்ணிக்கையில் துத்தநாகத் துண்டுகள், உப்புநீரில் நனைத்த அட்டைகள் கொண்டு ஏப்ரல் இறுதியில் ஓர் அடுக்கு கட்டினார். இதழாசிரியர் வில்லியம் நிக்கல்சன் உடனிருந்தார். ஓர் இணைக்கு முக்கால் வோல்ட் என்று தோராயமாகக் கொண்டால், பயன்படும் 16 கலங்களுக்கு மொத்தம் 12 வோல்ட் வரும்; நீரைப் பிரிக்க இதில் ஒரு பகுதியே போதும்.

தொடுகை சரியாக இருக்கட்டும் என்று மேல் வட்டில் ஒரு சொட்டு நீர் விட்டபோது, கம்பியருகே வாயு எழுவதைக் கண்டார்கள். மே 2இல் நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் இரு முனைகளிலும் பித்தளைக் கம்பிகளைச் செருகி அடுக்கோடு இணைத்தார்கள். வெள்ளிப்பக்கக் கம்பியிலிருந்து ஹைட்ரஜன் குமிழிகள் வரிசையாக எழுந்தன; மற்றக் கம்பி நிறம் மங்கிக் கறுத்தது. ஆக்சிஜனை அந்தப் பித்தளையே தின்றுவிட்டது என்று புரிந்து பிளாட்டினக் கம்பிகளுக்கு மாறியதும் இரு பக்கமும் வாயு வந்தது. வோல்டாவின் மடல் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது ஜூன் 26இல்தான். நீரைப் பகுத்த செய்தியை நிக்கல்சன் தம் இதழில் ஜூலையில் அச்சிட்டார். மடல் அச்சாகி வந்தது அதற்கும் பிறகு. வோல்டாவுக்கு இதில் மனக்குறை இருந்திருந்தால் வியப்பில்லை.

வேதிப்பொருளைப் பிரிக்கும் கருவி இது என்று தெரிந்ததும் அடுக்கின் மதிப்பே மாறியது. வூலிச்சில் பணியாற்றிய வில்லியம் குரூய்க்ஷாங்க், துத்தநாக–செம்புத் தகடுகளை மரத்தொட்டியின் காடிகளில் செங்குத்தாகப் பதித்து, இடைவெளிகளில் கரைசலை ஊற்றினார். பிழிவதும் உலர்வதும் ஒருசேரத் தீர்ந்தன. இத்தகைய தொட்டிகளைக் கொண்டே ஹம்ப்ரி டேவி 1807இல் உருகிய காரங்களிலிருந்து பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். 1820இல் ஓர்ஸ்டெட் காந்த ஊசியை விலகச் செய்த மின்னோட்டமும் மின்கலத்திலிருந்து வந்ததே. ஹைட்ரஜன் குமிழித் தொல்லையை 1836இல் ஜான் டேனியல் தம் இரு திரவக் கலத்தால் தீர்த்தார்.

பிற்காலம்

1801இல் பாரிசில் நெப்போலியன் முன்னிலையில் வோல்டா தம் அடுக்கை விளக்கிக் காட்டினார். பிறகு கோமகன் பட்டமும் பெற்றார். 1881இல் மின்னழுத்த அலகுக்கு அவர் பெயரிடப்பட்டது. இன்றைய உலர்கலங்கள் பலவற்றிலும் துத்தநாகமே எதிர்முனை. வோல்டா கையாண்ட கருவிகளில் பல 1899இல் கோமோ கண்காட்சியில் மூண்ட தீயில் அழிந்தன. தப்பியவையும் பிற்காலப் படிகளும் அவ்வூரில் 1928இல் திறக்கப்பட்ட வோல்டா நினைவு அருங்காட்சியகத்தில் உள்ளன.