இரவுப் பணிப் பங்கீட்டுக் கணக்கு

இரவுப் பணிப் பங்கீட்டுக் கணக்கு என்பது, யாரும் விரும்பாத பணிமுறைகள் ஓராண்டில் ஊழியர்களிடையே எவ்வளவு நேர்மையாகப் பகிரப்பட்டன என்பதை எண்ணிப் பார்க்கும் எளிய முறை. தஞ்சாவூர் ராஜா மிராசுதார் அரசு மருத்துவமனையைப் போல இரவு பகலாகப் பிரசவம் நடக்கும் இடங்களில் செவிலியரின் ‘நைட் டியூட்டி’ இதற்குப் பொருத்தமான களம்.

கணக்கை டியூட்டி லிஸ்ட்டிலிருந்து தொடங்கக் கூடாது. பட்டியல் போட்ட பிறகு ஆள் மாறுவது வழக்கம். உண்மையில் யார் வந்தார் என்பதை வருகைப் பதிவேடுதான் சொல்லும். அடுத்தது, ஒவ்வொருவரும் எத்தனை மாதம் பணியில் இருந்தார் என்பது. தமிழ்நாடு அரசு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பை 12 மாதமாக உயர்த்தியுள்ளதால், பெண்கள் மிகுந்த ஒரு வார்டில் இதை விட்டுவிட்டால் கணக்கே தவறிப்போகும்.

ஒரு வார்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இரவுக்கு ஒருவர் வீதம் ஆண்டுக்கு 365 இரவுகள். ஐந்து பேர் ஆண்டு முழுதும் இருந்தனர். ஒருவர் 7 மாதம் வேலை பார்த்துவிட்டு விடுப்பில் போனார். இன்னொருவர் விடுப்பு முடிந்து வந்து 6 மாதம் இருந்தார். எல்லோருடைய மாதங்களையும் கூட்டினால் 73. 365-ஐ 73-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 5 இரவு. ஆகவே முழு ஆண்டுக்காரர் பங்கு 60, மற்ற இருவருக்கு 35, 30.

பதிவேட்டில் முழு ஆண்டுக்காரர்கள் பார்த்தவை 71, 62, 60, 58, 46. மற்றவர்கள் 38, 30. வெறும் எண்ணைப் பார்த்தால் 30 பார்த்தவர்தான் தப்பித்துக்கொண்டவர் போலத் தெரிவார். ஆனால் அவர் தம் பங்கைச் சரியாக முடித்தவர். 14 இரவு குறைவாகப் பார்த்தவர் 46-க்கு உரியவர். பங்குக்கு மேல் விழுந்தவற்றை மட்டும் கூட்டினால் 11, 2, 3 என மொத்தம் 16. இந்த 16 இரவுகள் கைமாறியிருந்தால் எல்லாம் சமமாகியிருக்கும். இந்த ஒற்றை எண்ணே அந்த ஆண்டின் ஏற்றத்தாழ்வுக்கு அளவு. ஓரிரண்டு இரவு வேறுபாடு இயல்பு. 11 கூடுதல் என்றால் காரணம் கேட்க வேண்டும். தாமே விரும்பி வாங்கிக்கொண்ட இரவுகளைத் தனியே குறித்துவைத்திருந்தால்தான் அதற்குப் பதில் கிடைக்கும்.

பொங்கல், தீபாவளி நாள்களுக்கு இந்தக் கூட்டல் மட்டும் போதாது. தீபாவளி இரவும் சாதாரண செவ்வாய் இரவும் ஒன்றல்ல. ஆனால் அத்தகைய நாள்கள் ஆண்டுக்கு ஐந்தாறுதான். ஏழு பேரில் யாருக்கேனும் ஒன்றுகூட வராமல் போகும். எனவே அவற்றை ஓராண்டில் தீர்ப்பிட முடியாது. மூன்று நான்கு ஆண்டுப் பேரேடாகத் தொடர்ந்து எழுதி, போன தீபாவளிக்கு வேலை பார்த்தவரை இந்த முறை விடுவிக்க வேண்டும். தொடர்ச்சியாக எத்தனை இரவு போட்டார்கள், அன்று வார்டில் எத்தனை பிரசவம் என்பதையும் இந்த எண்ணிக்கை காட்டாது. அவற்றுக்குத் தனிப் பத்தி வேண்டும்.