பம்பு ஒப்படைப்புத் தாளில் ஒரு கட்டம்

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் புதுச்சேரியில் விட்டுப் போன சொற்களில் ஒன்று 'புரோசே வெர்பால்'. பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கையொப்பமிட்ட தாள் என்று பொருள். நான் எழுத்தராக இருந்தபோது குடிநீர்ப் பம்பை ஒப்பந்ததாரர் ஒப்படைக்கும் தாளும் அதே வகைதான். உறுதியளித்த அளவு, ஏற்கத்தக்க எல்லை, சோதனையில் வந்த அளவு, அடியில் இரு தரப்புக் கையொப்பம். இதில் 'சுழற்சி வேகம்' என்றொரு கட்டம் உண்டு. பலர் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள். அது ஏன் முக்கியம் என்பதைத் தொண்ணூறுகளின் நடுவில் கோப்புக்கு வந்த ஒரு தாள் காட்டியது.

நிமிடத்துக்கு 1450 சுற்றில் மணிக்கு 60,000 லிட்டர் தருவதாக உறுதி. 5 சதவீதம் வரை குறையலாம், அதாவது 57,000 லிட்டர். தொட்டியின் பரப்பு 60 சதுர மீட்டர். நீர்மட்டம் 50 சென்டிமீட்டர் உயர 32 நிமிடம் ஆயிற்று. அதாவது 32 நிமிடத்தில் 30,000 லிட்டர், மணிக்கு 56,250. எல்லைக்குக் கீழே! பம்பைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் உதவிப் பொறியாளர் தண்டின் முனையில் வேகமானியை வைத்து 1405 சுற்று என்று குறித்திருந்தார். மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸுக்குப் பதில் 48.5. அந்நாளில் தென்மண்டலத்தில் மின் உற்பத்தி தேவைக்கு எட்டாது. அதிர்வெண் இறங்கும், அதோடு மோட்டாரின் வேகமும் இறங்கும். பம்பு தரும் நீர், வேகத்துக்கு நேர் விகிதம். 56,250-ஐ 1450-ஆல் பெருக்கி 1405-ஆல் வகுத்தால் சுமார் 58,000. எல்லைக்குள் வந்துவிட்டது. குறை பம்பில் இல்லை.

இதே கணக்கு மறுபக்கமும் வெட்டும். "கரண்ட் சரியில்லை சார்" என்று எல்லா ஒப்பந்ததாரரும் சொல்வார்கள். வேகத்தைத் திருத்திய பிறகும் நீர் குறைந்தால் அந்தச் சாக்கு எடுபடாது. குழாயில் காற்று இழுக்கிறதா, உள்ளே தேய்மானமா என்று பார்க்க வேண்டியதுதான். ஆனால் வேகம் சோதனை நேரத்திலேயே அளந்ததாக இருக்க வேண்டும். பிறகு யூகித்து எழுதியதற்கு மதிப்பில்லை. அந்தத் தாளில் அளந்த அளவு, திருத்திய அளவு இரண்டையும் எழுதி, இரண்டுக்கும் கீழே இரு தரப்பும் கையொப்பமிட்டார்கள்.

அதிர்வெண் தாழ்ந்த நேரத்தில் ஒதுக்கீட்டுக்கு மேல் மின்சாரம் எடுத்தால் அதிக விலை என்ற கட்டண முறை 2003 ஜனவரியில் தென்மண்டலத்துக்கு வந்தது. அதன்பின் அதிர்வெண் பெரும்பாலும் 50-ஐ ஒட்டியே நின்றது. அதற்கு முந்தைய தாள்களைப் பழைய கோப்புகளில் புரட்டுபவர்கள், நீரின் அளவைப் பார்க்குமுன் அந்த வேகக் கட்டத்தைப் பாருங்கள்.