மெட்டுக்குள் தமிழ்: திருமலையில் ஒரு நத்தார் கீதம்

திருகோணமலையின் உட்துறைமுகக் கரையோரமாக நத்தார் மாதத்து இரவொன்றில் நடந்து செல்பவர், ஒரே மெட்டை இரண்டு மொழிகளில் கேட்கக்கூடும். ஒரு மண்டபத்தில் ஒளிவிழா ஒத்திகை ஆங்கிலத்தில் நடக்கும். அடுத்த வீதியில் அதே மெட்டைத் தமிழ்ப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருப்பார்கள். மெட்டு ஒன்றே என்பதால் சொற்களை மாற்றிப் பாடுவது எளிய காரியம் என்றுதான் நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இளம் நிருபராக அந்நகரில் தங்கியிருந்த காலத்தில் ஒரு பாட்டின் முதற் கண்ணியைத் தமிழாக்கித் தருகிறேன் என்று துணிந்து ஒப்புக்கொண்டேன். நான்கே வரிகள். அவை என்னைப் படுத்திய பாட்டைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

முதலில் இந்த மெட்டுகள் இங்கு வந்த வழியைப் பார்ப்போம். 1795இல் ஆங்கிலேயர் திருமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். பிரித்தானியக் கடற்படை தன் தளத்தை இலங்கையிடம் கையளித்தது 1957இல். இடைப்பட்ட ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான காலம் கோட்டையிலும் கப்பல்களிலும் ஆங்கிலக் கீதங்கள் ஒலித்தன. (நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஆஸ்டின், 1852இல் பர்மாவில் இறந்து திருமலையில் அடக்கம் செய்யப்பட்டவர் என்பது பலருக்குத் தெரியாது.) படையினருக்கு ஆங்கில ஆராதனை, நகரத்தாருக்குத் தமிழ் ஆராதனை. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது மெட்டு.

தமிழ்நாட்டில் இந்த முயற்சி இன்னும் பழையது. 18ஆம் நூற்றாண்டில் சென்னையில் பணியாற்றிய ஜெர்மானியப் பாதிரியார் பப்ரிசியுஸ், தம் நாட்டு ஞானப்பாட்டுகளை அந்த நாட்டு மெட்டுக்கே தமிழில் அமைத்தார். அடுத்த தலைமுறையில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கருநாடக இசையின் இராகங்களில் கீர்த்தனைகள் பாடினார். கீர்த்தனைக்காரர் சொல்லுக்கு ஏற்ப மெட்டை வளைக்கலாம். ஞானப்பாட்டுக்காரருக்கு அந்த உரிமை இல்லை. மெட்டு ஏற்கெனவே வார்க்கப்பட்ட அச்சு. சொல்தான் வளைய வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது, இரவில் மந்தை காத்த மேய்ப்பர்களுக்குத் தேவதூதன் தோன்றியதைச் சொல்லும் பாட்டு. லூக்கா சுவிசேஷத்தின் 2ஆம் அதிகாரத்தை ஒட்டி, இங்கிலாந்தின் அரசவைக் கவிஞராயிருந்த நேகம் டேட் எழுதியது. 1700இல் அச்சேறியது. இன்று அதனோடு பாடப்படும் ‘வின்செஸ்டர் ஓல்ட்’ என்னும் மெட்டோ, 1592இல் வெளிவந்த சங்கீதப் புத்தகமொன்றில் உள்ளது. சொல்லையும் மெட்டையும் ஒன்றாகப் பிணைத்தது 1861இல் வந்த ஆங்கிலப் பாட்டுப் புத்தகம். ஆக, ஆங்கிலத்திலேயே இச்சொற்கள் வேறொரு காலத்து மெட்டில் குடியேறியவைதாம். இரண்டும் ‘பொது அளவு’ எனப்படும் ஒரே அளவில் அமைந்ததால் அந்தக் குடியேற்றம் சிரமமின்றி நடந்தது.

அந்த அளவு என்ன? முதல் வரியில் 8 ஒலிகள், இரண்டாம் வரியில் 6, மூன்றில் 8, நான்கில் 6. ஒலி என்று நான் சொல்வது ஓர் உயிரோசையையும் அதை ஒட்டிவரும் மெய்யையும் சேர்த்து. நம் யாப்பிலக்கணத்தின் அசை வேறு. ‘நிலா’ என்பது ஓர் அசை, ஆனால் இரண்டு ஒலிகள். மெட்டில் பெரும்பாலும் ஒலிக்கு ஒரு சுரம்.

எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு நான் எழுதிய முதல் வரி இது:

மேய்ப்பர் மந்தை காக்கும் ராவில்

எண்ணிப் பாருங்கள்: மேய்ப்–பர்–மந்–தை–காக்–கும்–ரா–வில். சரியாக எட்டு. பெருமையோடு பாடகர் குழுவை நடத்திய முதியவரிடம் கொடுத்தேன். எல்லாரும் அவரை மாஸ்ரர் என்றே அழைப்பர். அவர் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து ஒருமுறை பாடினார், சிரித்தார். “தம்பி, எண்ணிக்கை சரி. காலடி பிழை. மெட்டு எங்கை மிதிக்குது எண்டு பாரும்” என்றார்.

அவர் சொன்னது இதுதான். இம்மெட்டு அழுத்தமில்லாத ஒலியில் தொடங்குகிறது. தாளம் விழுவது இரண்டாம் ஒலியில். பிறகு நான்கில், ஆறில், எட்டில். ஆங்கிலத்துக்கு இது இயல்பு. அங்கே சொல்லுக்கு முன் ‘தி’, ‘எ’, ‘அண்ட்’ என்று எடையற்ற சிறு சொற்கள் வந்து முதல் சுரத்தை நிரப்பிவிடும். தமிழில் அத்தகைய முன்னொட்டுகள் அரிது. நம் சொல்லின் கனம் தலையில் இருக்கிறது. உருபும் விகுதியும் வாலில் தொங்குகின்றன. என் வரியை மெட்டில் ஏற்றினால் தாளம் பர், தை, கும், வில் என்று வால்களின் மேலேயே விழுகிறது. கேட்பவர் காதில் ‘மேய்ப்பர்’ விழாது, ‘பர்’ விழும்.

இதற்கு மருந்து நம் யாப்பிலேயே இருக்கிறது என்று கண்டபோது வியந்தேன். நிரையசையின் ஒரு பகுதி, குறிலுக்குப் பின் நெடில் வருவது: நிலா, பிதா, விழா. இன்னொன்று, இரு குறிலோடு ஒற்று வருவது: நிலத், மனத். இரண்டிலும் முதல் ஒலி இலேசு, இரண்டாவது கனம். மெட்டு கேட்பதும் அதையேதான். வரியின் தலையில் இப்படியொரு நிரையை வைத்து, அடுத்து வரும் சொற்களை நேரசையில் தொடங்கினால், தாளம் ஒவ்வொரு சொல்லின் தலையிலும் விழும்.

இராவில் மந்தை காத்தவர்

இ–ரா–வில்–மந்–தை–காத்–த–வர். தாளம் ரா, மந், காத், வர் என்று விழுகிறது. தென்னிந்தியத் திருச்சபையின் பாமாலையில் உள்ள ‘ராக்காலம்’ என்று தொடங்கும் பழைய மொழிபெயர்ப்பும் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்திருக்கிறது. ‘ரா’ தாளத்துக்கு முன் நிற்க, ‘காலம்’ என்ற முழுச்சொல்லின் தலையில் தாளம் விழுகிறது. அப்பாட்டு பெத்லகேமைப் ‘பெத்லேம்’ என்று சுருக்கியதற்கும் காரணம் மெட்டே. ஊர்ப்பெயரைச் சிதைத்துவிட்டார்களே என்று ஒருகாலத்தில் நானும் குறைபட்டதுண்டு. இப்போது படுவதில்லை.

இரண்டாம் வரியில் மேய்ப்பர் தரையில் அமர்ந்திருக்க வேண்டும். ‘நிலத்தில்’ என்பது நல்ல தலை. மீதம் மூன்று ஒலிகள். குழுவில் ஒரு பெண்பிள்ளை ‘நிலத்தில் குந்தினர்’ என்றாள். அளவும் சரி, தாளமும் சரி, பொருளும் அச்சொட்டாகச் சரி. எங்கள் கிழக்கு மாகாணத்தில் அன்றாடம் வழங்கும் சொல்லும்கூட. ஆயினும் பாடிப் பார்த்தபோது குழு முழுவதும் சிரித்துவிட்டது. ‘நிலத்தில் தங்கினர்’ என்று வைத்தோம். ‘குந்தினர்’ தந்த படத்தை ‘தங்கினர்’ தரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த வரியில்தான் பெரிய பள்ளம். மேய்ப்பர் நின்ற குன்றை எப்படியாவது நுழைக்க விரும்பி, ‘அம்மலை மீது நின்றவர்’ என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். எட்டு ஒலிகள், தாளமும் பெரும்பாலும் இசைகிறது. ஆனால் இரண்டாம் ஒலியான ‘ம’ தாளத்தில் விழுந்து நீள்கிறது. பாடினால் ‘அம்மாலை மீது’ என்று கேட்கிறது. மலை மாலையாகிவிட்டது! ஆங்கிலத்தில் ஒரு குறிலை இழுத்துப் பாடினால் பெரும்பாலும் சொல் மாறாது. தமிழில் மாறும். வரம் வாரமாகும், கலை காலையாகும், படு பாடாகும். தாளில் எழுதியவர் கண்ணுக்கு இப்பிழை தெரியாது, ஏனெனில் அவருக்குத் தம் சொல் தெரியும். மாஸ்ரர் இதற்கு ஒரு சோதனை வைத்திருந்தார். வரியைப் பார்த்திராத ஒருவரை வாசலுக்கு வெளியே நிறுத்தி, பாடியதைக் கேட்டு எழுதச் சொல்வார். அன்று எழுதியவர் தயங்காமல் ‘அம்மாலை’ என்றே எழுதியிருந்தார். குன்றைக் கைவிட்டேன்.

தூதனுக்கு வருவோம். ‘தெய்வத் தூதன்’ என்றால் தாளம் ‘வத்’தில் விழும். ‘ஒரு தூதன்’ என்றால் தாளம் ‘ரு’வில். ஓரொலிச் சொல்லொன்று வேண்டும். ‘விண்’ கிடைத்தது.

கடைசி வரிக்கு ‘மகிமை சூழ்ந்தது’ என்று எழுதினேன். ஆறு ஒலிகள்தாம். ஆனால் வரியிறுதிச் சுரம் நீண்டது. அதில் வந்து நிற்பதோ ‘து’. அது குற்றியலுகரம், இலக்கணப்படி அரை மாத்திரை. அரை மாத்திரையை எப்படி நீட்டுவது? நீட்டினால் ‘சூழ்ந்ததூ’ என்று ஊளையாகிறது. ‘சூழ்ந்ததே’ என்றால் நெடில் வந்து சுரத்தைத் தாங்குகிறது. நம் ஞானப்பாட்டுகளில் வரிக்கு வரி ‘ஏ’ வருகிறதே என்று புலவர்கள் கேலி செய்வதுண்டு. பஞ்சத்துக்குச் சேர்த்த அசைநிலை என்பார்கள். சில இடங்களில் அது உண்மை. பல இடங்களில் அந்த ஏகாரம் நீண்ட சுரத்துக்குக் கொடுத்த முட்டு. எடுத்துவிட்டால் கூரை சரியும்.

‘மகிமை’யிலும் தாளம் ‘கி’ என்ற குறிலில் விழுவதால் அதையும் மாற்றினோம். முடிவில் நின்றது இது:

இராவில் மந்தை காத்தவர்
நிலத்தில் தங்கினர்
விண்தூதன் வந்து நிற்கவே
விண்சோதி சூழ்ந்ததே

ஆங்கிலத்தில் இரண்டாம், நான்காம் வரிகள் இறுதியில் ஒலி ஒக்கும். அதை நாங்கள் தேடவில்லை. தமிழ்க் காது வரியின் தலையில்தான் ஒப்பை எதிர்பார்க்கிறது. பின்னிரு வரிகளும் ‘விண்’ணில் தொடங்குவது அதற்குப் போதுமானதாயிற்று. இழந்தவையும் உண்டு. மூலத்தில் சூழ்வது ஆண்டவரின் மகிமை. என் வரியில் அது வெறும் வானத்து ஒளியாகச் சுருங்கிவிட்டது. ஆறு ஒலிக்குள் கர்த்தரையும் மகிமையையும் சூழ்தலையும் அடக்க எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியாது. ‘பொது அளவு’ என்பதால் ஒரு இலாபம் கிடைத்தது: அதே அளவிலுள்ள வேறு பல மெட்டுகளிலும் இந்த நான்கு வரிகளைப் பாடலாம். இரண்டு மூன்றில் பாடியும் பார்த்தோம்.

நான் தூக்கியெறிந்த முதல் வரியை மாஸ்ரர் எறியவில்லை. ஒத்திகை முடிந்து எல்லாரும் புறப்பட்ட பின் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார். ஆர்மோனியத்தில் வேறொரு நத்தார் மெட்டைத் தொட்டார்: 1849இல் கோன்ட்லெற் அமைத்த ‘இர்பி’. அது தாளத்திலேயே தொடங்கும் மெட்டு. முதல் வரிக்கு எட்டு ஒலிகள். ‘மேய்ப்பர் மந்தை காக்கும் ராவில்’ என்று பாடினார். மேய்ப், மந், காக், ரா என்று ஒவ்வொரு சொல்லின் தலையிலும் தாளம் வந்து அமர்ந்தது. ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. “இது இந்த வீட்டுப் பிள்ளை, தம்பி. நீர் வேறை வீட்டுக் கதவைத் தட்டிப்போட்டீர்” என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியை எழுதிக்கொண்டு வரும்படி தாளை என்னிடம் திருப்பித் தந்தார்.