வாரம்

மொழிபெயர்ப்பு ஒன்றில் ‘பொருளாதார வாடகை’ என்று படித்ததும் எனக்கு வீட்டுக்காரர்தான் நினைவுக்கு வந்தார். பாடநூல்களில் இதற்கு ‘வாரம்’ என்ற பழஞ்சொல் உண்டு. வாரம் என்றால் பங்கு. விளைச்சலில் நிலவுடைமையாளருக்கு மேல்வாரம், உழுதவருக்குக் குடிவாரம். பொருளியலாளர் ரிக்கார்டோ 1817இல் விளக்கிய பொருள் இதைவிடக் குறுகலானது. நெப்போலியன் போர்க்கால இங்கிலாந்தில் கோதுமை விலை ஏற, மட்டமான நிலங்களையும் உழுதார்கள். அங்கே மூட்டைக்குச் செலவு அதிகம். அது கட்டுப்படியாகும் விலை நிலைத்தால்தான் கூடுதல் கோதுமை தொடர்ந்து வரும். நல்ல நிலத்துக் கோதுமைக்கும் அதே விலைதான். அந்நிலத்துக்கு உழவர்கள் போட்டியிட, மிச்சம் உடைமையாளரிடம் போகிறது. பயிரிட்டவருக்கு வழக்கமான ஆதாயமே. அந்த மிச்சம்தான் வாரம். விலையால் வாரம் ஏறியதே தவிர, வாரத்தால் விலை ஏறவில்லை. ‘வாடகை’ என்ற சொல் விலையை ஏற்றும் செலவுபோல ஒலித்து இதைத் தலைகீழாகக் காட்டும், வாரமே இருக்கட்டும்.