மூளையில் ஒளிந்த நோய்: ரத்தப்புற்று மருத்துவத்தில் முதுகுத்தண்டு ஊசியின் வரலாறு

1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர், கடுமையான ரத்தப்புற்றுக்கு ஆளான பதினாறு குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்ததையும் அவர்களுள் பத்துப் பேரிடம் நோய் பின்வாங்கியதையும் அறிவித்தார். ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் அந்த மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் லெடர்லி ஆய்வகத்தில் உருவானது. பின்வாங்கிய நோய் சில மாதங்களில் திரும்பியது. எனினும் அதன்பின் வந்த மெத்தோட்ரெக்ஸேட், பிரெட்னிசோன், வின்கிறிஸ்டின் ஆகியவை குழந்தைகளின் ஆயுளை மெல்ல நீட்டின. அவ்வாறு நீண்ட ஆயுளே புதிய சிக்கலொன்றை வெளிக்கொணர்ந்தது.

எலும்பு மஜ்ஜையைச் சோதித்தால் தூய்மையாக இருக்கும். ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் சீராக இருக்கும். ஆனால் குழந்தைக்குக் காலையில் தலைவலியும் வாந்தியும் வரும். சில குழந்தைகளுக்குக் கண்ணை வெளிப்புறம் திருப்பும் ஆறாவது மூளை நரம்பு செயலிழந்து மாறுகண் தோன்றும். முதுகுத்தண்டிலிருந்து நீர்மம் எடுத்துப் பார்த்தால் அதில் புற்றணுக்கள் மிதக்கும். உடலெங்கும் விரட்டப்பட்ட நோய் மூளையுறைகளுக்குள் மட்டும் வளர்ந்திருக்கும். அங்கிருந்து மஜ்ஜைக்கு அது மீண்டும் பரவும்.

இதற்கான காரணம் மூளையின் தற்காப்பிலேயே இருக்கிறது. ரத்தத்திலுள்ள பெரும்பாலான பொருள்களை மூளைக்கும் அதைச் சூழ்ந்த நீர்மத்துக்கும் செல்லவிடாமல் நுண்குழாய்ச் சுவர்கள் தடுக்கின்றன. வாய்வழி கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்ஸேட்டில் மிகச் சிறு பங்கே அந்நீர்மத்தை எட்டுகிறது. நோயின் தொடக்கத்திலேயே உள்ளே புகுந்துவிட்ட ஒருசில புற்றணுக்களுக்கு அது போதாது. மருத்துவ நூல்கள் இவ்விடத்தைப் 'புகலிடம்' என்றே குறிக்கின்றன. அகதிக்குரிய சொல் நோய்க்கு வாய்த்தது விந்தைதான். ஆயினும் நடப்பதை அது துல்லியமாகவே சொல்கிறது.

மருந்தை நேரடியாக அந்நீர்மத்தில் செலுத்தும் வழி முன்பே இருந்தது. 1891இல் ஜெர்மனியின் ஹைன்ரிஷ் க்வின்கே, மூளையில் நீர் கோத்த குழந்தைகளின் அழுத்தத்தைத் தணிக்க இடுப்பு முள்ளெலும்புகளுக்கிடையே ஊசியைச் செலுத்தி நீர்மத்தை வடித்தார. தண்டுவடம் பொதுவாக முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் நீர்மத்தில் மிதப்பதால், மூன்றாவது, நான்காவது முள்ளெலும்புகளுக்கிடையிலோ அதற்கு அடுத்த இடைவெளியிலோ ஊசி செல்லலாம். 1950களில் இவ்வழியே மெத்தோட்ரெக்ஸேட் செலுத்தி மூளையுறை நோயின் அறிகுறிகளை அடக்கினார்கள். ஆனால் அது நோய் வெளிப்பட்ட பின் செய்த மருத்துவம். அறிகுறி தணியும், சில மாதங்களில் திரும்பும்.

1962இல் மெம்ஃபிஸ் நகரில் செயின்ட் ஜூட் மருத்துவமனை திறக்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநரான டொனால்ட் பிங்கல் வேறு கேள்வி எழுப்பினார். எல்லாக் குழந்தைகளிடமும் நோய் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்று கொண்டு, அறிகுறி தோன்றும் முன்பே அங்கே மருத்துவம் செய்தால் என்ன? கண்ணுக்குத் தெரியாத நோய்க்காக நலமாகத் தோன்றும் குழந்தையின் தலையில் கதிர்வீச்சுப் பாய்ச்சுவதை ஏற்பது எளிதன்று. தலைக்கும் தண்டுவடத்துக்கும் முதலில் 500 ராட், பின்னர் 1200 ராட் எனக் கொடுத்துப் பார்த்தனர். மூளையுறை நோய் குறையவில்லை. எண்ணமே பிழையென்று அங்கேயே கைவிட்டிருக்கலாம். பிங்கல் குழுவினர் அளவுதான் போதவில்லை என்று முடிவு செய்தனர்.

1967இன் இறுதியில் தொடங்கிய ஐந்தாவது ஆய்வில் 35 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். நோய் பின்வாங்கியதும் தலைக்கு 2400 ராட் கதிர்வீச்சும், தண்டுவட நீர்மத்தில் ஐந்து முறை மெத்தோட்ரெக்ஸேட்டும் தரப்பட்டன. தண்டுவடத்துக்குக் கதிருக்குப் பதிலாக ஊசியைத் தேர்ந்ததற்குத் தக்க காரணம் உண்டு. முதுகெலும்பு முழுவதும் மஜ்ஜை இருப்பதால் அங்கே பாயும் கதிர் ரத்த அணு உற்பத்தியைக் குலைத்து, பிற மருந்துகளை நிறுத்த நேரும். முன்பு பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தாக்கிவந்த மூளையுறை மீள்நோய் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகச் சுருங்கியது. அக்குழந்தைகளுள் ஏறக்குறைய பாதிப்பேர் நோயின்றி வளர்ந்தார்கள். அதுவரை எந்த மருத்துவமனையும் கண்டிராத விளைவு அது.

ஊசியின் அளவில் இருந்த பிழை பத்தாண்டு கழித்தே தெரிந்தது. மருந்தளவை உடற்பரப்பின்படி, ஒரு சதுர மீட்டருக்கு 12 மில்லிகிராம் எனக் கணக்கிட்டுவந்தனர். தண்டுவட நீர்மத்தின் கொள்ளளவோ உடலோடு சேர்ந்து வளர்வதில்லை. ஏறத்தாழ மூன்று வயதிலேயே வளர்ந்தவரின் அளவை எட்டிவிடுகிறது. அரைச் சதுர மீட்டர் உடற்பரப்புள்ள இரண்டு வயதுக் குழந்தைக்கு இக்கணக்கின்படி 6 மில்லிகிராம் மட்டுமே கிடைத்தது. ஏறத்தாழ முழு வளர்ச்சியடைந்த கொள்ளளவுக்குள் அது நீர்த்துப்போயிற்று. 1.7 சதுர மீட்டர் பரப்புள்ள பதினைந்து வயதுச் சிறுவனுக்கோ 20 மில்லிகிராம் என்று கணக்கு வந்தது. அதிக மருந்து நரம்பு மண்டலத்தை நச்சுப்படுத்தக்கூடியது. ஆர்ச்சி பிளேயரும் அவருடைய குழுவினரும் 1970களில் இதை எடுத்துக்காட்டி, அளவை வயதின்படி வகுத்தனர். ஒரு வயதுக்குள் 6 மில்லிகிராம், ஒரு வயதில் 8, இரண்டு வயதில் 10, மூன்றிலிருந்து 12. அந்த இரண்டு வயதுக் குழந்தை இப்போது 10 மில்லிகிராம் பெறும். பதினைந்து வயதுச் சிறுவன் 12 மட்டுமே பெறுவான்.

கதிர்வீச்சின் விலை இன்னும் தாமதமாகத் தெரிந்தது. பிழைத்த குழந்தைகள் பள்ளியில் பின்தங்கினர்; சிலரது வளர்ச்சி குன்றியது; சிலருக்கு ஆண்டுகள் பல கழித்து மூளையில் வேறு கட்டிகள் தோன்றின. மிகச் சிறு வயதில் கதிர் பெற்றவர்களுக்கே பாதிப்பு மிகுதி. அளவு 1800 ராட் ஆகக் குறைந்தது. 1984இல் தில்லி, மும்பை, சென்னை ஆகிய மூன்று மையங்களில் தொடங்கிய எம்சிபி-841 திட்டத்திலும் ஊசி மருந்தோடு தலைக்கான கதிர்வீச்சு இடம்பெற்றிருந்தது. 2000 முதல் 2007 வரை மெம்ஃபிஸில் நடந்த பதினைந்தாவது ஆய்வு 498 குழந்தைகளுக்கு முற்காப்புக் கதிர்வீச்சை முற்றிலும் விலக்கியது. தண்டுவட மருந்தும் நரம்புக்குள் ஏற்றும் மருந்துகளும் வலுவாக்கப்பட்டன. மைய நரம்பு மண்டலத்தில் மட்டும் நோய் மீண்டவர்கள் 2.7 விழுக்காட்டினர், ஐந்தாண்டு உயிர்வாழ்வு 93.5 விழுக்காடு.

கதிர் விலகியபோது பாரம் முழுவதும் ஊசியின் மேல் இறங்கியது. முதல் துளையிடலே மிகவும் ஆபத்தானது. அப்போது ரத்தத்தில் புற்றணுக்கள் நிறைந்திருக்கும். ரத்தத்தட்டுகளும் குறைவாக இருக்கும். ஊசி சிறு நாளத்தைக் கீறினால் தூய நீர்மத்துக்குள் மருத்துவரே நோயைக் கொண்டுசெல்ல நேரலாம். மெம்ஃபிஸ் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், முதல் துளையிடலில் புற்றணு கலந்த ரத்தம் வந்த குழந்தைகளின் விளைவு மோசமாக இருந்தது. ஆகவே முதல் துளையிடலுக்கு முன் ரத்தத்தட்டு ஏற்றுவதும், குழந்தையை அசையாதபடி மயக்கத்தில் ஆழ்த்துவதும், பயிற்சி மருத்துவரை விடுத்து அனுபவமுள்ளவரின் கையில் ஊசியைத் தருவதும், நீர்மம் வடித்த அதே ஊசி வழியே அப்போதே மருந்தைச் செலுத்துவதும் நடைமுறையாயின. செலுத்தியபின் குழந்தையைத் தலையணையின்றித் தட்டையாகப் படுக்கவைப்பார்கள்; மருந்து தண்டின் அடியில் தேங்காமல் மூளை வரை ஏற வேண்டும் என்பதே நோக்கம்.