லண்டனில் ஒரு சான்றிதழ், பாரிஸில் ஓர் ஓரக் குறிப்பு

திருமணமான பெண் கணவரின் பெயரை ஏற்பதற்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டால், இங்கிலாந்தில் ஒரு பதிலும் அதற்கு எதிரே கடலுக்கு அப்பால் பிரான்சில் வேறொரு பதிலும் கிடைக்கும். இரண்டையும் ஒருசேரச் சந்திக்க வேண்டியவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் இன்றும் உண்டு. அப்படியொரு குடும்பத்துப் பெண் லண்டனில் வேலைக்குப் போய், பிரிட்டிஷ் குடியுரிமையும் பெற்று, அங்கேயே ஒரு யாழ்ப்பாணத் தமிழரை மணக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெண்ணின் பெயர் மாலதி அருணாசலம். கணவரின் குடும்பப் பெயர் செல்வராஜா. மாலதி செல்வராஜா ஆக விரும்புகிறார். கையில் இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட்டுகள்.

முதலில் லண்டன் பக்கம். அங்கே இந்த வேலைக்குத் தேவையான முக்கிய ஆவணம் ஒன்றே ஒன்று: திருமணச் சான்றிதழ். பதிவு அலுவலகம் தரும் அசல் நகல்தான் செல்லும்; நாமே எடுத்த ஜெராக்ஸ் செல்லாது. வங்கி, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் என்று பல இடங்களுக்கு ஒரே சமயத்தில் தபாலில் போகவேண்டியிருக்கும் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் திருமணத்தன்றே இரண்டு மூன்று நகல்களுக்குப் பணம் கட்டிவிடுவார்கள். பழைய பாஸ்போர்ட், புதுப் புகைப்படம், கட்டணம் இவற்றோடு அந்தச் சான்றிதழையும் அனுப்பினால் புதிய பெயரில் பாஸ்போர்ட் வரும். தேனிலவுக்குப் புதுப் பெயரிலேயே பயணம் செய்ய விரும்பினால், திருமணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். திருமணத்தை நடத்திவைக்கப் போகிறவர் கையெழுத்திட்ட பி.டி.2 படிவம் மட்டும் கூடுதலாக வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது: அப்படி வாங்கினால் பழைய பாஸ்போர்ட் ரத்தாகிவிடும், புதியது திருமண நாளிலிருந்துதான் செல்லும். இடையில் அவசரமாக ஊருக்குப் போக நேர்ந்தால் கையில் எதுவும் இருக்காது.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தச் சான்றிதழில் 'மாலதி செல்வராஜா' என்ற பெயர் எங்கேயும் அச்சிடப்பட்டிருக்காது என்பது. மணமக்கள் மணநாளன்று என்ன பெயரில் இருந்தார்களோ அதுதான் இருக்கும். பெயரை மாற்றிக்கொண்டதாக எந்த அதிகாரியும் எங்கும் எழுதுவதில்லை. இரண்டு பெயர்களையும் சேர்த்து இன்னாரும் இன்னாரும் மணந்தார்கள் என்று காட்டும் தாள் அது. அதை வைத்து அவர் தன்னைப் புதிய பெயரில் அழைத்துக்கொள்கிறார், மற்றவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில், ஏமாற்றும் எண்ணம் இல்லாதவரை, ஒருவர் எந்தப் பெயரால் அறியப்படுகிறாரோ அதுவே அவர் பெயர். கணவர் பெயரை ஏற்கவேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. மணந்தபின் கணவனும் மனைவியும் சட்டத்தின் பார்வையில் ஒரே ஆள் என்ற பழைய கோட்பாட்டின் நிழலில் வளர்ந்த வழக்கம் அது. 1882-இல் மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமை வந்தபிறகும் பெயர் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

இரண்டு பெயர்களையும் கலந்து புதிதாக ஒரு பெயரை உருவாக்கிக்கொண்டால் மட்டும் திருமணச் சான்றிதழ் போதாது. அப்போது 'தீட் போல்' என்ற பத்திரம் வேண்டும். சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திடும் சிறிய பத்திரம்தான். அதன் சாரம் மூன்று வாக்கியம்: பழைய பெயரைக் கைவிடுகிறேன், எல்லா நேரத்திலும் புதிய பெயரையே பயன்படுத்துவேன், எல்லோரும் என்னை அப்படியே அழைக்கவேண்டும். அரசு அனுமதி கேட்பதில்லை, அறிவிக்கிறோம். நீதிமன்றத்தில் பதிவுசெய்யும் வழி உண்டு, ஆனால் அது கட்டாயமில்லை.

இனி பிரெஞ்சுப் பக்கம். மாலதி எவ்வளவு ஆவணம் கொண்டுபோனாலும், பிரான்சின் பார்வையில் அவர் மாலதி அருணாசலம்தான். திருமணத்தால் யாருடைய பெயரும் மாறுவதில்லை. 1794 ஆகஸ்ட் 23-ஆம் தேதி, புரட்சிக் காலத்தில் இயற்றப்பட்ட சட்டம், பிறப்புப் பதிவில் உள்ளதைத் தவிர வேறு பெயரைக் குடிமகன் எவரும் சூடக்கூடாது என்று சொன்னது. அதற்கு இரண்டாண்டு முன்புதான், 1792-இல், பிறப்பு இறப்பு திருமணப் பதிவேடுகளைத் தேவாலயங்களிடமிருந்து எடுத்து நகராட்சிகளிடம் கொடுத்திருந்தார்கள். குடிமகன் என்பவன் அரசின் ஏட்டில் உள்ள ஒரு பதிவு. அந்தப் பதிவை அவனாகத் திருத்திக்கொள்ளக் கூடாது என்பது அன்றைய எண்ணம்.

ஆனாலும் கணவர் பெயரால் அழைக்கப்பட விரும்பினால் அதற்கும் வழி உண்டு. அதை 'புழங்கு பெயர்' எனலாம். 2013-இல் குடிமைச் சட்டத்தில் சேர்ந்த 225-1 பிரிவு, கணவனோ மனைவியோ மற்றவரின் பெயரைத் தன் பெயருக்குப் பதிலாகவோ தன் பெயரோடு சேர்த்தோ புழக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் 'அருணாசலம்' என்றே இருக்கும். அதையடுத்து, புழங்கு பெயராக 'செல்வராஜா' வரும். கேட்டால்தான் போடுவார்கள்.

அதற்கு மாலதி தரவேண்டிய ஆவணங்களைப் பார்த்தால் இரு நாடுகளின் மனப்போக்கும் தெரியும். லண்டன் சான்றிதழை நேராகக் காட்டிவிட முடியாது. முதலில் அந்தத் திருமணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றவேண்டும். அதற்கு விண்ணப்பம், ஆங்கிலச் சான்றிதழின் அசல், பிறப்புப் பதிவின் நகல், குடியுரிமைச் சான்று. வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பதிவுகளை நாந்த் நகரில் உள்ள மத்தியப் பதிவு அலுவலகம் வைத்திருக்கிறது. திருமணம் பதிவேறியதும், மாலதியின் பிறப்புப் பதிவின் ஓரத்தில் இன்ன நாளில் இன்னாரை மணந்தார் என்று ஒரு குறிப்பு எழுதப்படும். நாளை விவாகரத்து ஆனால் அதுவும் அந்த ஓரத்தில்தான் வரும், இறப்பும் அங்கேதான். ஒருவரின் வாழ்க்கை முழுவதும் ஒரே பக்கத்தில் சேர்ந்துகொண்டே போகிறது.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிறப்புப் பதிவு நகல் வேண்டும் என்று பிரெஞ்சு அலுவலகங்கள் கேட்டுவரும் வழக்கத்தின் காரணமும் இதுவே. 'பிறந்தது ஒருமுறைதானே, பழைய நகலில் என்ன கெட்டுப்போகும்' என்று நம் ஊர்க்காரர்கள் எரிச்சல்படுவார்கள். அந்த அலுவலகங்கள் பார்ப்பது பிறந்த தேதியை அல்ல, ஓரத்தை. இங்கிலாந்தின் பிறப்புச் சான்றிதழில் அப்படி ஓரம் கிடையாது. பிறந்தபோது எழுதியது எழுதியபடியே நிற்கும். மணந்ததும் பிரிந்ததும் அங்கே ஏறாது. ஆகவே அங்கே ஒருவர் தன் பெயரின் கதையைத் தானே சான்றிதழ்களைக் கோத்துக் காட்டவேண்டும். பிரான்சில் அந்தக் கதையைப் பதிவேடு சொல்லிவிடும்.

பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரித் தமிழர்களிடமும் இதே பிடிவாதத்தைக் காட்டியது. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணையின்படி, தங்கள் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க விரும்பியவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டியிருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லபோர்த்' என்ற பெயரை எடுத்துக்கொண்டார். தந்தையின் பெயரைத் தலைமுறைதோறும் முன்னெழுத்தாக மாற்றிவரும் நம் முறை அந்தப் பதிவேட்டுக்குள் அடங்காது. நம் மாலதியின் அருணாசலம் அப்படித் தலைமுறையாக வரும் குடும்பப் பெயராக இருக்கலாம். கணவரின் செல்வராஜாவோ அநேகமாக அவருடைய அப்பாவின் சொந்தப் பெயராகவே இருக்கும். ஆங்கிலேய முறை இந்த வேறுபாட்டைக் கேட்பதே இல்லை.

இரண்டு முறைகளும் மோதுவது மாலதியின் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில்தான். ஒருவருக்கு எல்லா ஆவணங்களிலும் ஒரே பெயர் இருக்கவேண்டும் என்பது பிரிட்டிஷ் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கொள்கை. வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால் அதன் வண்ண நகலையும் கேட்பார்கள். அதில் குடும்பப் பெயர் அருணாசலம் என்றிருந்தால், முதலில் அதை மாற்றிவிட்டு வாருங்கள் என்று பதில் வரக்கூடும். பிரெஞ்சுச் சட்டப்படி அது நடக்காது என்பதை மாலதிதான் எடுத்துக்காட்டவேண்டும். புழங்கு பெயர் ஏறிய பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டை முதலில் வாங்கி அதன் நகலை இணைப்பது நல்லது. இரண்டு பெயரும் ஒரே பக்கத்தில் இருப்பதால் விளக்கம் எளிது. விமானச் சீட்டு வாங்கும்போதும் எந்தப் பாஸ்போர்ட்டைக் காட்டப்போகிறாரோ அதில் உள்ள பெயரையே கொடுக்கவேண்டும். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் என்றால் பிறப்புப் பெயர்.

இதுவரை சொன்னதைப் பார்த்தால் இங்கிலாந்து முறைதான் வசதி என்று தோன்றும். திருமணம் முறிந்தால் நிலைமை தலைகீழாகிறது. பழைய பெயருக்குத் திரும்ப விரும்பும் பெண்ணிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் அலுவலகம் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், விவாகரத்தின் இறுதி ஆணை இவற்றோடு, இனி எல்லாவற்றுக்கும் பழைய பெயரையே பயன்படுத்துகிறேன் என்று கையெழுத்திட்ட வாக்குமூலமும் கேட்கிறது. வாழ்க்கையின் கசப்பான காலத்தில், முதல் திருமணத்தின் தாளைத் தேடியெடுத்து அந்நியர்களிடம் நீட்டவேண்டியிருக்கிறது. இரண்டு முறை மணந்தவருக்கு இந்தத் தாள்களின் வரிசை இன்னும் நீளும். நடுவில் ஒன்று தொலைந்தாலும் அதற்கு நகல் வாங்கிய பிறகே மேலே போகமுடியும். ஓட்டுநர் உரிமத்தில் பெயரைத் திருத்தாமல் விட்டால் ஆயிரம் பவுண்ட் வரை அபராதமும் உண்டு.

பிரெஞ்சுப் பெண்ணுக்குத் திரும்பிப் போக வேண்டிய இடமே இல்லை. அவள் பெயர் எங்கும் போகவில்லை. விவாகரத்தோடு புழங்கு பெயருக்கான உரிமை பொதுவாக முடிந்துவிடும். தொழிலில் அந்தப் பெயராலேயே அறியப்பட்டவர் அதைத் தொடர விரும்பினால் முன்னாள் கணவரின் சம்மதமோ நீதிபதியின் அனுமதியோ வேண்டும். அந்தச் சம்மதம் கேட்பது எனக்கு உவப்பானதல்ல. ஆனாலும் இரண்டில் எது பெண்ணுக்கு நல்லது என்று கேட்டால், பிரெஞ்சு முறையைத்தான் சொல்வேன். பட்டமும் மருத்துவப் பதிவும் ஓய்வூதியக் கணக்கும் ஒரே பெயரில் நிற்கும் பாதுகாப்பு அதில் இருக்கிறது.

சட்டம் அப்படி இருந்தும் பிரெஞ்சு அலுவலகங்களே நெடுங்காலம் மணமான பெண்களுக்குக் கணவர் பெயரிட்டுத்தான் கடிதம் அனுப்பின. படிவங்களிலிருந்து 'கன்னிப் பெயர்' என்ற கட்டத்தை நீக்கச் சொல்லிப் பிரதமர் அலுவலகச் சுற்றறிக்கை வந்தது 2012 பிப்ரவரியில்தான். லண்டனில் மாலதிக்கும் யாரும் கட்டாயம் விதிக்கவில்லை. மணந்தபின் எந்த விண்ணப்பமும் போடாமல் அருணாசலமாகவே இருந்துவிட அவருக்கு முழு உரிமை உண்டு. அப்படி இருந்தால் ஒன்றை மட்டும் செய்யவேண்டும்: தந்தையின் பெயர் தாங்கிய குழந்தையோடு தனியாகப் பயணம் போகும்போது, குழந்தையின் பிறப்புச் சான்றிதழைக் கைப்பையில் வைத்திருக்கவேண்டும். பாஸ்போர்ட்டில் பெயர்கள் பொருந்தாவிட்டால் எல்லையில் நிறுத்திக் கேட்பார்கள். தாயின் பெயர் அந்தச் சான்றிதழில் இருக்கும்.