திருவந்திபுரமும் சிதம்பரமும்: தேடுபவருக்கு ஏற்ற தலைப்பு

கடலூர் மாவட்டத்தில் கோவில் காணொளி எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு ஊர்களுக்கும் போய்வருகிறார்கள். கடலூருக்கு மேற்கே கெடிலக் கரையில் இருக்கும் திருவந்திபுரம் ஒன்று. தில்லை நடராசரின் சிதம்பரம் மற்றொன்று. எடுத்த படத்துக்கு யூடியூபில் தலைப்பு வைக்கும்போது இரண்டுக்கும் ஒரே அச்சைப் பயன்படுத்துகிறார்கள்: ஊர்ப்பெயர், கோவில் பெயர், கடைசியில் ‘முழு வரலாறு’ அல்லது ‘அதிசயம்’. தேடுபவர்களின் பக்கம் நின்று பார்த்தால் இந்த இரண்டு ஊர்களும் எதிரெதிரான சிக்கல்களைத் தருகின்றன. திருவந்திபுரத்துக்கு வருகிறவர்கள் ஒரே இடத்தைப் பல எழுத்துகளில் தேடுகிறார்கள். சிதம்பரம் என்று தட்டுகிறவர்களோ ஒரே எழுத்தில் பல பொருள்களைத் தேடுகிறார்கள்.

தேடலின் நோக்கத்தை வகைப்படுத்தும் வழக்கம் 2002இல் ஆண்ட்ரே பிராடர் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் தெளிவான வடிவம் பெற்றது. ஆல்டாவிஸ்டா தேடுபொறியில் மக்கள் தட்டிய சொற்களைப் பார்த்து, அறிந்துகொள்ளத் தேடுதல், தெரிந்த ஓர் இடத்துக்குப் போகத் தேடுதல், ஒரு காரியத்தை முடிக்கத் தேடுதல் என்று மூன்றாகப் பிரித்தார். வாங்குவதற்கு முன் ஒப்பிட்டுப் பார்க்கும் தேடலைப் பிறகு தொழில் செய்பவர்கள் நான்காவதாகச் சேர்த்தார்கள். கூகுள் தன் மதிப்பீட்டாளர்களுக்குத் தரும் வழிகாட்டியில் ‘நேரில் போக விரும்புபவர்’ என்றும் ஒரு வகை உண்டு. கோவில் ஊர்களுக்கு இந்தக் கடைசி வகை மிகவும் பொருந்தும்.

திருவந்திபுரத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பேச்சில் திருவந்திபுரம், திவ்விய தேசப் பட்டியலில் திருவயிந்திரபுரம், வடமொழி ஒலியோடு எழுதுபவர்களுக்குத் திருவஹீந்திரபுரம். ஆங்கில எழுத்தில் Thiruvanthipuram, Tiruvanthipuram, Thiruvahindrapuram, Tiruvendipuram என்று இன்னும் சில. இவற்றில் முதலாவது, கேரளத் தலைநகரான Thiruvananthapuram என்பதற்கு மிக அருகில் இருக்கிறது. இரண்டு மூன்று எழுத்துப் பிசகினால் கெடிலக் கரையைத் தேடுபவர் பத்மநாபசுவாமி கோவிலுக்குப் போய்விடுவார். ஆகவே இந்த ஊரைப் பற்றிய தலைப்பில் Cuddalore என்ற சொல் அலங்காரத்துக்கு வருவது அன்று. தேடுபொறி ஊரை அடையாளம் காணப் பிடித்துக்கொள்ளும் கொழுகொம்பு அதுதான்.

எல்லா எழுத்து வடிவங்களையும் தலைப்பிலேயே அடைக்க முடியாது. யூடியூப் தலைப்புக்கு நூறு எழுத்துக்குறிகள்தான் இடம். தமிழில் கொம்பும் புள்ளியும் சுழியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால், கண்ணுக்கு எட்டு எழுத்தாகத் தெரியும் ‘திருவந்திபுரம்’ பதினான்கு குறிகளை எடுத்துக்கொள்கிறது. ‘திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோவில்’ என்று எழுதினால் இடைவெளியோடு 34 போய்விட்டது, அதாவது மூன்றில் ஒரு பங்கு. கைப்பேசியின் தேடல் பட்டியலில் நீண்ட தலைப்பு பாதியில் வெட்டப்படுவதால் முதல் சில சொற்களே கண்ணில் படும். எனவே பேச்சு வழக்கில் உள்ள தமிழ் வடிவம் ஒன்று, ஆங்கில எழுத்து வடிவம் ஒன்று என்று தலைப்பில் இரண்டே போதும். மற்ற வடிவங்களை விளக்கக் குறிப்பின் முதல் வரிகளில் இயல்பான வாக்கியமாக எழுதலாம். குறிச்சொற்கள், அதாவது டேக், கண்டுபிடிப்பில் மிகச் சிறிய பங்கே வகிக்கின்றன என்றும், அடிக்கடி பிழையாக எழுதப்படும் பெயர்களுக்கு உதவும் என்றும் யூடியூபே சொல்கிறது. அந்த விதிவிலக்குக்கு இவ்வளவு பொருத்தமான ஊர் வேறு கிடைப்பது அரிது.

இனி நோக்கம். நடுநாட்டுத் திவ்விய தேசங்கள் இரண்டில் ஒன்று, வேதாந்த தேசிகர் நெடுங்காலம் வாழ்ந்த ஊர், ஔஷதகிரியின் மேல் ஹயக்ரீவர் சன்னதி என்று அறிந்துகொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் கடலூர், விழுப்புரம் பக்கத்துக் குடும்பங்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது கல்யாணம். ஆவணி முகூர்த்தத்தில் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் நடப்பது அங்கே வழக்கம். அந்த வீட்டார் தட்டும் சொற்களில் வரலாறு இருக்காது. எப்படிப் பதிவு செய்வது, என்ன சான்று வேண்டும், எவ்வளவு செலவாகும், எத்தனை பேர் நிற்கலாம், சாப்பாடு எங்கே என்பவைதாம் இருக்கும். இது காரியம் முடிக்கும் தேடல். மலைக்கோவிலில் தாலி கட்டிவிட்டுக் கீழே மண்டபத்தில் விருந்து வைப்பதா, முழுவதையும் மண்டபத்திலேயே நடத்துவதா என்று கேட்பவர் ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

ஒருவர் அங்கே ஒரு கல்யாணத்தைக் காலையிலிருந்து படம் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மலையேறுவது, அலுவலகத்தில் தாள்களைக் காட்டுவது, தாலி கட்டுவது, ஹயக்ரீவர் தரிசனம், கீழே விருந்து எல்லாம் அதில் உண்டு. ‘பெருமாள் அருளால் ஒரு மறக்க முடியாத நாள்’ என்று தலைப்பு வைத்தால் அந்த வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும் பார்ப்பார்கள். ‘திருவந்திபுரம் கோவில் முழு வரலாறு’ என்று வைத்தால் தேசிகரைப் பற்றிக் கேட்க வந்தவர் மணமேடையைப் பார்த்துவிட்டு விலகுவார். அவர் விலகும் வேகம் கணக்கில் பதிவாகும். அந்தப் படத்துக்கு நான் வைக்கும் தலைப்பு இது:

```
திருவந்திபுரம் கல்யாணம்: முன்பதிவு, சான்றுகள், செலவு | Thiruvanthipuram marriage, Cuddalore
```

மொத்தம் 91 குறிகள். ஊர் முதலில், காரியம் அடுத்து, கேள்விகள் மூன்று, பிறகு ஆங்கில எழுத்தில் தேடுபவருக்கான பகுதி. ‘திருமணம்’ என்று எழுதாமல் ‘கல்யாணம்’ என்று எழுதியதற்குக் காரணம், வீட்டில் பேசும் சொல்லையே மக்கள் தட்டுகிறார்கள் என்பதுதான். ‘திருமணம்’ விளக்கக் குறிப்பில் வரட்டும். இந்தத் தலைப்பு படத்தின் மேல் ஒரு கடனையும் ஏற்றுகிறது. முன்பதிவு என்று சொல்லிவிட்டால் முதல் நிமிடத்திலேயே அலுவலகம் வர வேண்டும். மணமக்களின் வயதுச் சான்று, ஆதார், முதல் திருமணம் என்பதற்கான சான்று போன்றவற்றைத் திரையில் எழுத்தாகக் காட்டி, கட்டணம் மாறக்கூடும் என்பதால் எந்த மாதத்து நிலவரம் என்பதையும் சொல்ல வேண்டும். படத்தில் அது இல்லையென்றால் ‘செலவு’ என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுவதே நேர்மை.

சிதம்பரத்தில் எழுத்துச் சிக்கலே இல்லை. ஒன்பது குறிகள், ஒரே வடிவம். ஆனால் அந்தப் பெயரில் ஊர் இருக்கிறது, முன்னாள் நிதியமைச்சர் இருக்கிறார், கப்பலோட்டிய வ.உ.சிதம்பரனாரும் இருக்கிறார். ‘சிதம்பரம் கொத்சு’ என்று தட்டுபவருக்குக் கத்தரிக்காயும் புளியும் எவ்வளவு என்று தெரிய வேண்டும், கோபுரம் வேண்டாம். ‘சிதம்பர ரகசியம்’ இன்னும் கடினம். அதைத் தேடும் ஒருவர் சித்சபையில் திரைக்குப் பின்னால் தொங்கும் பொன் வில்வ மாலையையும் ஆகாயத் தத்துவத்தையும் அறிய வந்தவர். அடுத்தவர் 2004இல் சன் டிவியில் தொடங்கிய, இந்திரா சௌந்தர்ராஜன் கதையில் நாகா இயக்கிய தொடரின் அடுத்த பகுதியைக் கண்டுபிடிக்க வந்தவர். மூன்றாமவருக்கு விசுவின் படம் வேண்டும். சொல் ஒன்றே, முதலாமவர் கற்க வந்தவர், மற்ற இருவரும் தெரிந்த ஒன்றைத் தேடி வந்தவர்கள்.

இங்கே தலைப்பின் வேலை கூட்டுவது அல்ல, பிரிப்பது. கோவில் படம் என்றால் ‘சிதம்பர ரகசியம்: சித்சபையில் திரைக்குப் பின் என்ன இருக்கிறது?’ என்று சித்சபையைச் சேர்த்துவிட்டால் தொடரைத் தேடுபவர் தாமாகவே கடந்துபோவார். அந்தச் சொடுக்குகளை இழப்பது நல்லது. ‘சிதம்பர ரகசியம் முழுசா பாருங்க’ என்று வைத்து அவரையும் இழுத்தால், அவர் பத்து விநாடியில் போய்விடுவார். படம் இந்தத் தேடலுக்குப் பொருந்தவில்லை என்று அமைப்பு அதிலிருந்து முடிவுகட்டும். யூடியூப் தேடலில் தலைப்பின் பொருத்தத்தோடு, அந்தச் சொல்லுக்கு வந்தவர்கள் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதும் பார்க்கப்படுகிறது.

அலைவரிசையையே தேடி வருகிறவரைத் தலைப்பால் பிடிக்க முயல்வது வீண். அவர் அலைவரிசையின் பெயரையோ, 2022இல் வந்த @ கைப்பிடிப் பெயரையோ தட்டுவார். ஒவ்வொரு தலைப்பின் முன்னாலும் அலைவரிசைப் பெயரை எழுதுகிறவர்கள், ஏற்கெனவே தங்களை அறிந்தவருக்காக, அறியாதவருக்குத் தேவையான பத்துப் பதினைந்து குறிகளைச் செலவிடுகிறார்கள். ‘சிதம்பரம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு அலைவரிசைக்குப் பெயர் வைப்பதும் இதே காரணத்தால் தவறு. அந்தச் சொல்லுக்குள் யாரும் அவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. ‘திருவந்திபுரம்’ என்று தொடங்கும் பெயருக்கு அந்தத் தொல்லை குறைவு.

தலைப்பு சரியா என்பதை ஸ்டுடியோவின் பகுப்பாய்வில், பார்வை வந்த வழிகளில் ‘யூடியூப் தேடல்’ என்பதைத் திறந்து பார்க்கலாம். எந்தச் சொல்லுக்கு எத்தனை பேர் வந்தார்கள், சராசரியாக எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று அது காட்டும். கல்யாணச் செலவைத் தேடி வந்தவர்கள் அரை நிமிடத்தில் போனால் தலைப்பில் குறையில்லை. படத்தின் தொடக்கம்தான் ட்ரோன் காட்சியில் நேரத்தைக் கழிக்கிறது. வரலாற்றைத் தேடியவர்களே அதிகம் வந்திருந்தால் தலைப்பு தவறான வாசலில் நிற்கிறது. சொடுக்கு விகிதத்தை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது. பாதி அலைவரிசைகளுக்கும் காணொளிகளுக்கும் அது 2 முதல் 10 விழுக்காட்டுக்குள்தான் இருக்கிறது என்று யூடியூப் சொல்கிறது. மேலும் முகப்புப் பக்கத்தில் வரும் பார்வையாளர் எதையும் தேடி வந்தவரல்லர். படத்தின் பார்வைகளில் பெரும்பகுதி முகப்பிலிருந்தே வருகிறதென்றால் தேடலுக்காகச் செதுக்கிய தலைப்பால் பெரிய பயன் இராது.

ஒரு வாரத்து எண்களை வைத்து இந்த இரண்டு ஊர்களையும் எடைபோடவும் முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் திருவந்திபுரத்துத் தேடல் அடங்கிவிடும். ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தம் நெருங்கும்போது ஏறும். சிதம்பரத்திலோ ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும்தான் உச்சம். அப்போது தேடுபவருக்குத் தேரும் தரிசனமும் எந்தத் தேதி என்பது வேண்டும். ஆகையால் விழாப் படத்தின் தலைப்பில் ஆண்டு கட்டாயம் இருக்க வேண்டும், விழா முடிந்ததும் அந்தப் படம் தேடலில் இறங்குவதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். சித்சபையை விளக்கும் படத்துக்கு ஆண்டு எழுதினால் அடுத்த தையிலேயே அது பழையதாகத் தோன்றும். திருவந்திபுரத்துக் கல்யாணப் படம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: தலைப்பில் ஆண்டு வேண்டாம், விளக்கக் குறிப்பில் கட்டண நிலவரத்தின் மாதமும் ஆண்டும் வேண்டும். அந்த வரியை ஒவ்வோர் ஆடி மாதத்திலும், ஆவணிக் கூட்டம் தேடத் தொடங்குவதற்கு முன், கோவில் அலுவலகத்தில் விசாரித்துத் திருத்திவிட வேண்டும்.